பெயின்ட் விற்பனை இலக்கு எங்கே பிசகுகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பெயின்ட் நிறுவனம் ஒன்றின் தென்மாவட்ட விற்பனையைக் கவனித்துவந்த ஆண்டுகளில், மார்ச் மாதம் வந்தாலே அடுத்த ஆண்டுக்கான இலக்கைப் பகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலையும், அதில் முந்தைய ஆண்டு நேர்ந்த அதே பிழையைத் திருத்தும் வேலையும் சேர்ந்தே வந்தன. விற்பனைப் பிரதிநிதி சரியில்லை என்று எல்லோரும் முடிவுகட்டிய இடங்களில் பாதிக்கு மேல், அவருக்குக் கொடுத்த எண் சரியில்லாமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன். அந்தப் பிழைகள் எந்த அறிகுறியாக வெளிப்படுகின்றன, எதை முதலில் பார்க்க வேண்டும், எப்போது வெளியாரை அழைக்க வேண்டும் என்பவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக நாகர்கோவில், தூத்துக்குடி, தென்காசி ஆகிய மூன்று விற்பனைப் பகுதிகளையும், 2024 மார்ச்சில் அடுத்த நிதியாண்டுக்கு இலக்கு வைத்த கணக்கையும் எடுத்துக்கொள்கிறேன். விற்பனை அளவுகளைக் கணக்கு விளங்குவதற்காக முழு எண்களாக மாற்றியிருக்கிறேன், வழிமுறையில் மாற்றமில்லை. தொடங்குமுன் மூன்று ஆண்டுகளின் மாதவாரி விற்பனை, பகுதி பகுதியாக, லிட்டரில் கையில் இருக்க வேண்டும். ரூபாயில் வைத்துக்கொண்டால் விலையேற்றமும் வளர்ச்சிபோலத் தோன்றும். சுவரைச் சமப்படுத்தும் புட்டி மூட்டையை லிட்டரோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.

## அறிகுறி 1: ஒரு பகுதி எப்போதும் எட்டுகிறது, மற்றொன்று எப்போதும் தவறுகிறது

ஆள் மாறியும் இதே நிலை தொடர்ந்தால் குறை ஆளிடம் இல்லை. கீழே உள்ள நான்கு காரணங்களையும் இதே வரிசையில் பாருங்கள். முதலாவதைப் பார்க்க அரை நாள் போதும்; நான்காவதற்கு மாதங்கள் ஆகும்.

### காரணம்: விற்பனை வேறு பகுதியின் கணக்கில் ஏறியிருக்கிறது

பெரிய காண்ட்ராக்டர் ஒருவர் திருநெல்வேலியில் பில் போட்டுச் சரக்கைத் தென்காசிக் கட்டடத்தில் இறக்குவது வழக்கமாக நடப்பது. பில் முகவரியையும் சரக்கு இறங்கிய முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாதத்திற்கு இருபது பெரிய பில்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபடும் பில்கள் ஒரு பகுதியின் விற்பனையில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் முதலில் கணக்கைத் திருத்துங்கள். அதற்குமுன் இலக்கைத் தொட வேண்டாம்.

### காரணம்: அடிப்படையாகக் கொண்ட ஆண்டே பழுதானது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வேலை சூடுபிடிக்கும் நாட்கள் அவை. எங்கள் எடுத்துக்காட்டில் தூத்துக்குடிப் பகுதி அந்த மாதம் 400 லிட்டர் மட்டுமே விற்றது. ஆண்டு முழுவதற்கும் பதிவான விற்பனை 18,200 லிட்டர். இந்த எண்ணை அப்படியே அடிப்படையாக வைத்தால் இரண்டு அநியாயங்கள் நேர்கின்றன. வெள்ள ஆண்டில் அந்தப் பிரதிநிதி இலக்கைத் தவறவிட்டவராகப் பதிவாகிறார். அடுத்த ஆண்டில் அவருக்கு மிக எளிய இலக்கு கிடைத்து, அவர் சுமக்க வேண்டிய பங்கு நாகர்கோவில்காரர் தலையில் ஏறுகிறது.

திருத்தும் முறை எளிது. வெள்ளமில்லாத முந்தைய ஆண்டுகளில் டிசம்பர் மாதத்தின் பங்கு ஆண்டு விற்பனையில் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். தூத்துக்குடியில் அது 11 விழுக்காடு. அப்படியானால் மற்ற பதினொரு மாதங்கள் சேர்ந்து 89 விழுக்காடு. அந்தப் பதினொரு மாதங்களின் விற்பனை 17,800 லிட்டர், அதை 0.89 ஆல் வகுத்தால் 20,000 வருகிறது. பழுதில்லாத ஆண்டாக இருந்திருந்தால் விற்றிருக்கக்கூடிய அளவு இதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வெள்ளம் வடிந்து சுவர் காய்ந்த பிறகு சில வீடுகளுக்கு மீண்டும் பெயின்ட் அடிக்கப்படும். அந்த விற்பனை பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஏறியிருக்கலாம். அந்த இரண்டு மாதங்களும் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால் அவற்றையும் வழக்கமான அளவுக்குக் குறைத்த பிறகே மேற்சொன்ன வகுத்தலைச் செய்ய வேண்டும். எங்கள் கணக்கில் அந்த உயர்வு இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

### காரணம்: எல்லோருக்கும் ஒரே விழுக்காடு ஏற்றப்பட்டது

தொடர்ந்து தவறும் பகுதிகளுக்கு நான் கண்ட மிகப் பெரிய காரணம் இது. நிறுவனம் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து 1,10,000 லிட்டர் கேட்கிறது. பதிவான விற்பனை நாகர்கோவிலில் 50,000, தூத்துக்குடியில் 18,200, தென்காசியில் 30,000; மொத்தம் 98,200. எனவே எல்லோருக்கும் 12 விழுக்காடு ஏற்றினால் முறையே சுமார் 56,000, 20,400, 33,600 என்று முடிகிறது. ஐந்து நிமிட வேலை. ஆனால் ஏற்கெனவே சந்தையில் பாதியைப் பிடித்துவிட்ட ஒருவரிடமிருந்தும், ஆறில் ஒரு பங்கைக்கூடப் பிடிக்காத ஒருவரிடமிருந்தும் ஒரே அளவு வளர்ச்சியை இந்தக் கணக்கு எதிர்பார்க்கிறது.

எனவே பகுதியின் மொத்தச் சந்தை எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும். இதற்கு ஒரே ஒரு மூலத்தை நம்பாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டு எண்ணிக்கை 2011 ஆம் ஆண்டுடையது. அதற்குப்பின் எழுந்த குடியிருப்புகள் அதில் இல்லை. நான் மூன்று அளவுகளைச் சேர்த்துப் பார்ப்பேன். பகுதியிலுள்ள கடைகளில் எல்லா நிறுவனங்களின் நிறம் கலக்கும் டின்டிங் மெஷின்களும் எத்தனை இருக்கின்றன என்பது முதலாவது. அதே ஹார்டுவேர் கடைகளில் மாதம் எத்தனை மூட்டை சிமென்ட் போகிறது என்பது இரண்டாவது. இன்று பூசப்படும் சுவர் சில மாதங்களில் பெயின்டுக்கு வரும். ஊரில் வேலை பார்க்கும் பெயின்டர்களின் எண்ணிக்கையும், அவர்களில் நம் பொருளைக் கேட்டு வாங்குபவர்களின் எண்ணிக்கையும் மூன்றாவது. மூன்றும் ஏறத்தாழ ஒரே திசையைக் காட்டினால் மதிப்பீட்டை நம்பலாம். ஒன்று மட்டும் விலகினால் அந்தப் பகுதியில் இரண்டு நாள் சுற்றிவிட்டு எண்ணை முடிவு செய்யுங்கள்.

அப்படி மதிப்பிட்ட மொத்தச் சந்தை நாகர்கோவிலில் 1,00,000 லிட்டர், தூத்துக்குடியில் 1,20,000, தென்காசியில் 80,000 என்று கொள்வோம். திருத்திய அடிப்படை விற்பனை 50,000, 20,000, 30,000. இப்போது பலர் செய்யும் பிழை, முழு இலக்கையும் சந்தை அளவின் விகிதத்தில் பிரிப்பது. அப்படிச் செய்தால் தூத்துக்குடிக்கு 44,000 லிட்டர் விழும். இருப்பதைப்போல் இரு மடங்குக்கு மேல் அந்தப் பிரதிநிதியால் ஓர் ஆண்டில் விற்க முடியாது. நாகர்கோவிலுக்கோ இப்போது விற்பதைவிடக் குறைவான எண் கிடைக்கும்.

சந்தை அளவை, கூடுதலாகக் கேட்கும் லிட்டரைப் பிரிக்க மட்டும் பயன்படுத்துங்கள் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. கடந்த ஆண்டின் திருத்திய விற்பனை அவரவர் அடிப்படையாக அப்படியே இருக்கட்டும். மூன்று அடிப்படைகளின் கூட்டுத்தொகை 1,00,000. கூடுதல் தேவை 10,000. நாம் இன்னும் தொடாத சந்தை நாகர்கோவிலில் 50,000, தூத்துக்குடியில் 1,00,000, தென்காசியில் 50,000. இந்த விகிதத்தில் 10,000 ஐப் பிரித்தால் 2,500, 5,000, 2,500 வருகிறது. இலக்குகள் 52,500, 25,000, 32,500 ஆகின்றன.

இதோடு நிறுத்தக்கூடாது. தூத்துக்குடிக்கு இது 25 விழுக்காடு ஏற்றம். தொடாத சந்தை முழுவதும் கைக்கு எட்டும் சந்தை அல்ல. வேறொரு நிறுவனத்தோடு இருபது ஆண்டு பழக்கமுள்ள கடைக்காரர் ஓர் ஆண்டில் மாறமாட்டார். புதிய டீலரோ புதிய டின்டிங் மெஷினோ கொடுக்காத பகுதிக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று நான் ஒரு வரம்பு வைத்திருந்தேன். அதன்படி தூத்துக்குடி 24,000 இல் நிற்கும். மீதி 1,000 மற்ற இருவருக்கும் ஐந்நூறு ஐந்நூறாகப் போகும். இறுதி இலக்குகள் 53,000, 24,000, 33,000. கூட்டினால் 1,10,000.

இந்த எண்களை அறிவிக்குமுன் தூத்துக்குடிப் பிரதிநிதியோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் கையிலுள்ள கணக்கில் 18,200 என்றிருக்கும். அதிலிருந்து 24,000 என்பது அவர் கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு ஏற்றமாகத் தெரியும். 20,000 எப்படி வந்தது என்பதை மாதவாரியாகக் காட்டி, எந்தெந்தக் கடைகளிலிருந்து அந்த 4,000 வரக்கூடும் என்று அவரையே பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பாதியளவுக்குக்கூட அவரால் கடை காட்ட முடியாவிட்டால், சந்தை மதிப்பீட்டை மறுபடி பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

### காரணம்: பகுதியே ஒருவர் சுற்ற முடியாத அளவுக்குப் பெரிது

140 டீலர்கள், ஒவ்வொருவரையும் மாதம் இருமுறை பார்க்க வேண்டும் என்றால் 280 சந்திப்புகள். 24 வேலை நாட்களில் நாளுக்குப் பத்து கடை என்று ஓடினாலும் 240 தான் ஆகும். கடைகளுக்கு நடுவே முப்பது கிலோமீட்டர் இருந்தால் பத்தும் ஆகாது. இந்தக் கணக்கு இடித்தால் எந்த இலக்கும் நியாயமாகாது. பகுதியைப் பிரிக்க வேண்டும்.

வெளியாரை அழைக்க வேண்டிய இடம்: மூன்று நான்கு பகுதிகளுக்குள் எல்லையை நீங்களே மாற்றலாம். முப்பது பகுதிகளுக்கு மேல் ஒன்றாக மாற்ற வேண்டியிருந்தால், வரைபடத்தில் டீலர்களைக் குறித்துப் பயண நேரத்தோடு கணக்கிடும் ஆலோசகரிடம் கொடுங்கள். அரைகுறையாகப் பிரித்தால் டீலர் உறவுகள் அறுந்து, அடுத்த ஆண்டின் அடிப்படையும் கெடும்.

## அறிகுறி 2: எல்லாப் பகுதிகளும் ஒரே மாதத்தில் தவறுகின்றன, வேறொரு மாதத்தில் எளிதாகத் தாண்டுகின்றன

ஆண்டு இலக்கு சரியாக இருக்கிறது, மாதப் பிரிப்பில்தான் பிழை என்பதற்கு இது தெளிவான அடையாளம்.

### காரணம்: ஆண்டு இலக்கைப் பன்னிரண்டால் வகுத்தது

மூன்று ஆண்டுகளுக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த ஆண்டு விற்பனையில் எத்தனை விழுக்காடு என்று எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்திற்கும் மூன்று எண்கள் கிடைக்கும். அவற்றின் சராசரியை எடுக்காமல் நடுவில் உள்ள எண்ணை எடுங்கள். சராசரி எடுத்தால் 2021 மே ஊரடங்கும் 2023 டிசம்பர் வெள்ளமும் எண்ணை இழுத்துக் கெடுக்கும். நடு எண் அவற்றைத் தானே ஒதுக்கிவிடும். பன்னிரண்டு நடு எண்களையும் கூட்டினால் சரியாக 100 வராது. ஒவ்வொன்றையும் அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கிச் சரிக்கட்டுங்கள்.

தூத்துக்குடியின் 24,000 ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,000. டிசம்பருக்கு 11 விழுக்காடு என்றால் 2,640. அந்த 640 லிட்டர் வேறு ஏதோ ஒரு மெலிந்த மாதத்தின் மேல் அநியாயமாக ஏறியிருந்தது என்பது இதிலிருந்து புலப்படும். பெரும்பாலும் அது ஆடி மாதம் விழும் ஜூலை, ஆகஸ்டாக இருக்கும். ஆடியில் புதுமனை புகுவதில்லை என்பதால் புது வீட்டு வேலைகள் ஆனிக்குள் முடிக்கப்படும் அல்லது ஆவணிக்குத் தள்ளப்படும்.

### காரணம்: மாநிலம் முழுவதற்கும் ஒரே பருவ விகிதம்

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் பெறும். ஜூன் மாதத்தில் நாகர்கோவிலில் வெளிச்சுவர் வேலை நின்றுபோகும் நாட்கள் பல. அதே ஜூனில் தூத்துக்குடி காய்ந்து கிடக்கும், பெயின்டர்களும் சாரத்தில் இருப்பார்கள். தென்காசியில் குற்றாலச் சாரல் அடிக்கும் வாரங்களில் வெளிச்சுவர் எமல்ஷன் போகாது, உள்சுவர்ப் பொருள் ஓரளவு போகும். மூன்று ஊர்களும் ஒரே மேலாளரின் கீழ் இருக்கலாம், ஆனால் ஒரே பருவ அட்டவணை அவற்றுக்குப் பொருந்தாது. நாகர்கோவிலில் ஜூனின் பங்கு 5 விழுக்காடு என்றால் 53,000 இல் 2,650 லிட்டர் மட்டுமே கேட்கலாம். பன்னிரண்டால் வகுத்திருந்தால் 4,400 க்கு மேல் கேட்டிருப்போம். அந்த மனிதர் நிதியாண்டின் முதல் காலாண்டிலேயே துவண்டுபோயிருப்பார்.

### காரணம்: தீபாவளி இடம் மாறியது

பொங்கல் ஜனவரி நடுவில் அசையாமல் நிற்கிறது. தீபாவளி அப்படியல்ல: 2022 இல் அக்டோபர் 24, 2023 இல் நவம்பர் 12, 2024 இல் அக்டோபர் 31. தீபாவளிக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில் உள்சுவர் வேலை நடக்கும். டீலர்கள் அதற்கும் முன்பே சரக்கு எடுப்பார்கள். 2023 இல் இந்த வாரங்கள் அக்டோபருக்கும் நவம்பருக்கும் பிரிந்து விழுந்தன. 2024 இல் அநேகமாக முழுவதும் அக்டோபரிலேயே விழுந்தன. 2023 நவம்பரைப் பார்த்து 2024 நவம்பருக்கு இலக்கு வைத்தால், மழைக்காலத்தின் நடுவில் வராத விற்பனையைக் கேட்கிறோம்.

இதைச் சரிசெய்ய அக்டோபர், நவம்பர் இரண்டையும் முதலில் ஒரே தொகுப்பாக வையுங்கள். தூத்துக்குடியில் இரண்டும் சேர்ந்து 19 விழுக்காடு, அதாவது 4,560 லிட்டர். அதைப் பிரிக்கும்போது தீபாவளி ஏறத்தாழ அதே நாட்களில் வந்த பழைய ஆண்டைப் பாருங்கள். 2024 க்கு 2023 பொருந்தாது, 2022 தான் அருகில் நிற்கிறது. அந்த ஆண்டின் போக்கில் அக்டோபருக்கு 12, நவம்பருக்கு 7 என்று பிரித்தால் 2,880 உம் 1,680 உம் வருகின்றன. 2026 இல் தீபாவளி நவம்பர் 8 இல் வருகிறது. அந்த ஆண்டுக்கு 2023 ஐப் புரட்டிப் பார்க்கலாம்.

வெளியாரை அழைக்க வேண்டிய இடம்: இந்த அட்டவணைகளுக்கு ஒரு கணினி விரிதாள் போதும். ஆனால் மூன்று ஆண்டுகளின் மாத விகிதங்களும் ஒன்றோடொன்று சற்றும் ஒத்துப்போகாமல், ஒரே மாதம் ஓர் ஆண்டில் 5, அடுத்த ஆண்டில் 12 என்று குதித்தால், பருவம் அல்லாத வேறு ஏதோ விற்பனையை ஆட்டுகிறது. முதலில் அறிகுறி 3 ஐப் பாருங்கள். அதிலும் விடை கிடைக்காவிட்டால் புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் தரவைக் காட்டுங்கள்.

## அறிகுறி 3: மாதக் கடைசி ஐந்து நாட்களில் பில் குவிகிறது, அடுத்த மாதம் படுத்துவிடுகிறது

மாதத்தில் 25 வேலை நாட்கள் என்றால் கடைசி ஐந்து நாட்களின் இயல்பான பங்கு 20 விழுக்காடு. சற்று ஏறி 30 வரை இருப்பதில் தவறில்லை. மூன்று மாதம் தொடர்ந்து 40 ஐத் தாண்டினால் சரக்கு டீலரின் கிடங்குக்குத் தள்ளப்படுகிறது என்று கொள்ளலாம். அது சுவருக்குப் போகவில்லை.

உறுதி செய்ய டின்டிங் மெஷினே சாட்சி. கடையில் எந்த நாள் எத்தனை லிட்டருக்கு நிறம் கலந்தார்கள் என்பது அதன் கணினியில் பதிவாகும். ஐந்து பெரிய டீலர்களிடம் அனுமதி கேட்டு, மூன்று மாதம் அவர்கள் வாங்கிய, நிறம் கலக்காத பேஸ் பெயின்டையும் கலந்து விற்றதையும் ஒப்பிடுங்கள். வாங்கியது தொடர்ந்து அதிகமாக இருந்தால் உங்கள் மாத விற்பனைக் கணக்கைப் பருவ அட்டவணைக்கே பயன்படுத்த முடியாது. கலந்து விற்ற அளவிலிருந்துதான் விகிதம் எடுக்க வேண்டும்.

எளிய காரணம் ஸ்கீம் முடியும் தேதி. தள்ளுபடி 30 ஆம் தேதி முடிகிறதென்றால் டீலர் 29 இல்தான் வாங்குவார். தேதியை மாதத்தின் நடுவுக்கு மாற்றி இரண்டு மாதம் பாருங்கள். அடுத்த காரணம் பன்னிரண்டால் வகுத்த மாத இலக்கு. அதற்கு அறிகுறி 2 இன் திருத்தமே மருந்து. மூன்றாவது, 100 விழுக்காடு எட்டினால் முழு ஊக்கத்தொகை, 99 க்கு ஒன்றுமில்லை என்ற விதி. குடும்பம் நடத்தும் ஒருவர் அந்த ஒரு விழுக்காட்டுக்காக டீலரிடம் கெஞ்சிச் சரக்கு இறக்குவதை நான் குற்றமாகப் பார்க்கமாட்டேன். விதிதான் அவரை அங்கே தள்ளுகிறது. 85 விழுக்காட்டிலிருந்து ஊக்கத்தொகை படிப்படியாக ஏறும்படியும், காலாண்டின் கூட்டு விற்பனையை வைத்து இறுதிக் கணக்கு பார்க்கும்படியும் மாற்றினால் மாதக் கடைசி நெருக்கடி பெருமளவு தணியும்.

வெளியாரை அழைக்க வேண்டிய இடம்: டீலரிடம் இரண்டு மாத விற்பனைக்கு மேல் சரக்கு தேங்கி, அவர் திருப்பி எடுக்கச் சொல்லும் நிலை வந்தால் கணக்குப் பிரிவையும் தணிக்கையாளரையும் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த விற்பனை எந்த ஆண்டில் கழியும், கிரெடிட் நோட் எப்படிப் போவது என்பவை விற்பனை மேலாளர் தனியே முடிவு செய்யக்கூடியவை அல்ல. ஊக்கத்தொகை விதியை ஆண்டின் நடுவில் மாற்றுவதாக இருந்தால், பணி ஒப்பந்தத்தைத் தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் முன்கூட்டியே காட்டுங்கள்.

## அறிகுறி 4: நன்றாக விற்பவர் பிப்ரவரி, மார்ச்சில் மெதுவாகிறார்

ஏப்ரல் முதல் வாரத்தின் பில்களைப் பாருங்கள். மார்ச் கடைசியில் கேட்ட சரக்கு ஏப்ரலில் பில் ஆகியிருந்தால், அவர் விற்பனையை வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறார். இந்த ஆண்டு தாண்டிய ஒவ்வொரு லிட்டரும் அடுத்த ஆண்டு அடிப்படையில் ஏறும் என்று அனுபவத்தில் கண்டவர் வேறு என்ன செய்வார்?

முதலில் அவர் விற்பனையில் மறுபடி வராத ஆர்டர் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு கல்லூரிக் கட்டடத்துக்குப் போன 3,000 லிட்டர் அடுத்த ஆண்டு வராது. அதை அடிப்படையிலிருந்து கழித்துவிடுங்கள். ஊக்கத்தொகையை மட்டும் முழுமையாகக் கொடுங்கள். அதன்பின், இலக்கைத் தாண்டிய அளவில் பாதி மட்டுமே அடுத்த ஆண்டு அடிப்படையில் சேரும் என்ற விதியை ஏப்ரலிலேயே எழுத்தில் கொடுங்கள். மார்ச்சில் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்த விதியை ஓர் ஆண்டு மீறாமல் காத்தாலும், இரண்டாவது மார்ச்சில்தான் பில்கள் நேராகத் தொடங்கும். அதுவரை அவருடைய பிப்ரவரி, மார்ச் எண்களைப் பருவ அட்டவணையில் சேர்க்காமல் பக்கத்துப் பகுதியின் விகிதத்தைப் பயன்படுத்துங்கள்.